மாதாமாதம் ஒரு மருந்துச் சீட்டு

திருநெல்வேலிப் பக்கம் பூக்கட்டி விற்கும் 54 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். சுகர் வந்து எட்டு வருடம், பிரஷர் வந்து ஐந்து வருடம். தனியார் டாக்டர் ஒருவரிடம் காட்டுகிறார். அவர் கையில் இருக்கும் சீட்டில் ஆறு வரிகள். முதல் வரியில் கிளிமிப்ரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சுகர் மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று. இரண்டாவது சிட்டாகிளிப்டின் 100, தினம் ஒன்று. மூன்றாவது டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சேர்ந்த பிரஷர் மாத்திரை. நான்காவது கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10. ஐந்தாவது "நரம்புக்கு" என்று ஒரு சத்து மாத்திரை. ஆறாவது வெறும் வயிற்றில் போட ஒரு கேஸ் மாத்திரை. ஆறுமே கம்பெனிப் பெயரில் எழுதப்பட்டிருக்கின்றன.

இப்படி ஒரு சீட்டு நம் ஊரில் எந்தத் தெருவிலும் கிடைக்கும். இதற்கு ஒரு மாதத்துக்கு என்ன ஆகும் என்று போட்டுப் பார்க்கலாம். விலைகள் கடைக்குக் கடை மாறும் என்பதால் சுற்றுவட்டமான தொகைகளாகவே வைத்துக்கொள்கிறேன். சுகர் கூட்டு மாத்திரை ஒன்று 8 ரூபாய் என்றால் அறுபதுக்கு 480. சிட்டாகிளிப்டின் ஒன்று 16 ரூபாய், முப்பதுக்கு 480. பிரஷர் மாத்திரை 13 ரூபாய் வீதம் 390. கொழுப்பு மாத்திரை 6 ரூபாய் வீதம் 180. சத்து மாத்திரை 18 ரூபாய் வீதம் 540. கேஸ் மாத்திரை 12 ரூபாய் வீதம் 360. மொத்தம் 2,430 ரூபாய்.

பூ விற்றுப் பிழைப்பவர் மாதம் இவ்வளவு கொடுக்க முடியாது. அவர் செய்வது என்ன? பதினைந்து நாளுக்கு மட்டும் வாங்குகிறார். இரண்டு வேளை போட வேண்டியதை ஒரு வேளை போடுகிறார். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் பிரஷர் மாத்திரையை விட்டுவிடுகிறார். டாக்டரிடம் போகும் நாளுக்கு முந்தைய வாரம் மட்டும் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடுகிறார். பணம் இல்லாதவர்கள் எல்லோரும் கண்டுபிடிக்கும் சிக்கன வழி இதுதான். கடைசியில் இதைவிடச் செலவு வைக்கும் வழி வேறில்லை.

ஏன் என்றால், டாக்டர் மேசையில் இருப்பது ரத்தப் பரிசோதனைத் தாள் மட்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.2 என்று வந்திருக்கிறது. "மாத்திரை போடுறீங்களாம்மா?" என்று கேட்கிறார். "போடுறேன் சார்" என்கிறார் அந்த அம்மா. முழு டோஸ் போட்டும் குறையவில்லை என்றால் டாக்டர் என்ன நினைப்பார்? மருந்து போதவில்லை என்றுதான் நினைப்பார். டோஸைக் கூட்டுவார், இல்லையென்றால் ஏழாவது வரியைச் சேர்ப்பார். பில் 2,430இலிருந்து 3,000 ஆகும். வாங்க முடியாத சீட்டு இன்னும் வாங்க முடியாததாகும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒருநாள் மகன் வந்து எல்லா மருந்தையும் முழுசாக வாங்கிக் கொடுத்து, அம்மாவும் ஒழுங்காகப் போட ஆரம்பித்தால், கூட்டிவிட்ட டோஸ் அத்தனையும் ஒரேயடியாக வேலை செய்யும். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றி விழுவார். லோ சுகர். கிளிமிப்ரைடு போன்ற மாத்திரைகளில் இது நிஜமாகவே நடக்கிறது.

எனவே செலவைக் குறைக்கத் தொடங்க வேண்டிய இடம் டாக்டர் அறை. மருந்துக்கடை அதற்குப் பிறகு. கடையில் தரும் பத்து சதவீதத் தள்ளுபடி இந்தச் சீட்டில் 243 ரூபாய். சீட்டையே மாற்றி எழுதினால் குறைவது அதைப்போலப் பல மடங்கு.

முதலில் அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஒரு மருந்துப் பெயர் ஒளிந்திருக்கிறது. பழைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அது அச்சாகியிருக்கும்: மெட்ஃபார்மின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாட்டின் என்று. பக்கத்தில் எத்தனை மில்லிகிராம் என்றும், சில மாத்திரைகளில் எஸ்ஆர் அல்லது ஈஆர் என்றும் இருக்கும். மெதுவாகக் கரையும் வகை என்பதற்கான குறி அது. இந்த மூன்றும், அதாவது மருந்துப் பெயர், அளவு, எஸ்ஆரா இல்லையா என்பது, ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் எந்தக் கடையிலும் விலை கேட்கலாம். எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவாள்.

ஆனால் கேட்பதற்கும் வாங்குவதற்கும் இடையில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர் இருந்தால், உள்ளே இருப்பது அதே மருந்துதான் என்றாலும் வேறு தயாரிப்பைக் கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்கக் கூடாது என்கின்றன நம் நாட்டு மருந்து விதிகள். நடைமுறையில் மாற்றிக் கொடுப்பது தினமும் நடக்கிறது. பெரும்பாலும் கடைக்காரருக்கு எதில் லாபமோ அதற்கு மாற்றிக் கொடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம். இன்னொரு பக்கம், மருந்துகளை ஜெனரிக் பெயரில், படிக்கிற மாதிரி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று டாக்டர்களுக்கான நடத்தை விதிகள் சொல்கின்றன. ஆகவே "ஜெனரிக் பேர்ல எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. அந்த ஒரு வரி மாறினால் நோயாளி எந்தக் கடைக்கும் போகலாம்.

எந்தக் கடைக்குப் போவது? தமிழ்நாட்டில் இப்போது இரண்டு வகை மலிவுக் கடைகள் இருக்கின்றன. ஒன்று மத்திய அரசின் ஜன் ஔஷதி. 2008இல் தொடங்கி, பின்னால் பிரதமர் பெயரில் விரிவாக்கப்பட்டு, இன்று நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல் கடைகள். மற்றொன்று மாநில அரசின் முதல்வர் மருந்தகம். 2025 பிப்ரவரி 24ஆம் தேதி ஆயிரம் கடைகளோடு தொடங்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்களும், பார்மசி படித்த தனியாட்களும் நடத்துகிறார்கள். ஜன் ஔஷதியில் என்ன விலை என்று வீட்டிலிருந்தே பார்க்க Janaushadhi Sugam என்ற கைப்பேசிச் செயலி இருக்கிறது. மருந்துப் பெயரை அடித்தால் அந்த அட்டையின் விலையும், அருகில் எங்கே கடை என்பதும் தெரியும். பஸ் டிக்கெட் போட்டுப் போகும் முன் கடைக்கு ஒரு போன் போட்டு இருப்பு கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் கடைகளின் பெரிய குறையே இதுதான். விலை மலிவு, ஆனால் கேட்ட நாளில் மருந்து இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் கையில் பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே போக வேண்டும். தீர்ந்த அன்று போனால் கடைசியில் பக்கத்துக் கடையில் முழு விலைக்குத்தான் வாங்குவோம்.

விலை வித்தியாசத்துக்கு ஓர் உதாரணம் நம் சீட்டின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. சிட்டாகிளிப்டினைக் கண்டுபிடித்த கம்பெனியின் காப்புரிமை 2022 ஜூலையில் முடிந்தது. அந்த செப்டம்பரிலேயே ஜன் ஔஷதி கடைகளில் அது வந்தது: 50 மில்லிகிராம் பத்து மாத்திரை 60 ரூபாய், 100 மில்லிகிராம் பத்து மாத்திரை 100 ரூபாய். அதே காலத்தில் பெயர் பெற்ற கம்பெனிகளின் அட்டைகள் 162 முதல் 258 ரூபாய் வரை விற்றன. வில்டாகிளிப்டினுக்குக் காப்புரிமை 2019 கடைசியில் முடிந்தது. எம்பாகிளிஃப்லோசினுக்கு 2025 மார்ச்சில். இந்தக் கடைசி மருந்து அதுவரை ஒரு மாத்திரை ஏறக்குறைய 60 ரூபாய். முடிந்த உடனே பல கம்பெனிகள் இறங்கி, அதில் ஒரு சின்னப் பங்கு விலைக்குத் தரத் தொடங்கின. ஆனால் நான்கு வருடத்துக்கு முந்தைய சீட்டை வைத்துக்கொண்டு அதே கம்பெனிப் பெயரைக் கேட்டு வாங்குகிறவருக்கு இந்தச் சேதி போய்ச் சேர்வதில்லை. பழைய சீட்டில் "கிளிப்டின்" என்றோ "கிளிஃப்லோசின்" என்றோ முடியும் மருந்து இருந்தால், இப்போது இதன் விலை என்ன என்று புதிதாக ஒருமுறை விசாரிப்பது லாபம்.

இங்கே ஒரு பொறியையும் சொல்ல வேண்டும். சாதாரண மெடிக்கல் ஷாப்பில் "ஜெனரிக் இருக்கு, கொடுக்கவா?" என்று கேட்டு ஓர் அட்டையைத் தருவார்கள். ஜெனரிக் என்ற சொல்லைக் கேட்டதும் மலிவு என்று நினைத்துவிடுகிறோம். நம் நாட்டில் கடைக்காரருக்கென்றே தயாராகும் ஜெனரிக் வகை ஒன்று உண்டு. அவருக்கு அது மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் அட்டையில் அச்சாகியிருக்கும் எம்ஆர்பி கம்பெனி மாத்திரைக்குப் பக்கத்தில் நிற்கும். 12 ரூபாய்க்கு அவர் வாங்கிய அட்டையில் 90 ரூபாய் அச்சாகியிருந்தால், அதில் இருபது சதவீதம் தள்ளிக் கொடுத்தாலும் அவருக்கு 60 ரூபாய் நிற்கிறது. நமக்கு நின்றது 18 ரூபாய். பார்க்க வேண்டியது தள்ளுபடி சதவீதத்தை அல்ல, கையிலிருந்து ஒரு மாத்திரைக்கு எவ்வளவு போகிறது என்பதை.

மலிவு மாத்திரை வேலை செய்யுமா என்ற கேள்வி எல்லோருக்கும் உண்டு. டாக்டர்களுக்கும் உண்டு. ஜன் ஔஷதிக்கு வரும் சரக்கு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் சோதித்த பிறகே கடைக்குப் போகிறது. தரம் குறைந்தவை என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் பட்டியலில் பெரிய கம்பெனிப் பெயர்களும் வருகின்றன, சின்னப் பெயர்களும் வருகின்றன. ஆக, கம்பெனிப் பெயர் பாதுகாப்பு தரும் என்றோ, ஜெனரிக் என்றாலே ஏமாற்று என்றோ சொல்ல இடமில்லை. நம்பிக்கையை விட்டுவிட்டுச் சோதித்துப் பார்ப்பதுதான் வழி. மாற்றுவதற்கு முந்தைய வாரம் காலை வெறும் வயிற்றுச் சுகரும் பிரஷரும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி இரண்டு மூன்று வாரம் கழித்து அதே மாதிரி பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டுக்கும் காசு இல்லை. எண்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தால் கவலையில்லை. தெளிவாக ஏறியிருந்தால் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

எல்லா மருந்தையும் இப்படி மாற்றிவிடவும் முடியாது. வலிப்பு மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபாரின், சிறுநீரக மாற்று செய்தவர்கள் போடும் மருந்துகள் ஆகியவற்றில் சின்ன வித்தியாசமும் உடம்பில் பெரிதாகத் தெரியும். இவற்றை டாக்டருக்குச் சொல்லாமல் ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவே கூடாது. தைராய்டு மாத்திரையும் ஏறக்குறைய அந்த ரகம். அதை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு மாதம் ஒரு கம்பெனி என்று தாவக் கூடாது.

இன்னொரு தொல்லை, ஜெனரிக் கடையில் ஒவ்வொரு முறையும் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறலாம். போன மாதம் வெள்ளை வட்டம், இந்த மாதம் மஞ்சள் நீளம். படிக்கத் தெரியாதவர்கள் நிறத்தை வைத்துத்தான் மாத்திரையை அடையாளம் காண்கிறார்கள். பழையது கொஞ்சம் மிச்சம் இருக்க, புதியதையும் சேர்த்து இரண்டும் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதனால் புது அட்டை வாங்கிய அன்றே அதன்மேல் பேனாவால் ஒரு சூரியனோ நிலாவோ வரைந்து, "சுகர்" "பிரஷர்" என்று எழுதி, பழைய அட்டை தீர்ந்த பிறகே டப்பாவில் போட வேண்டும்.

இனி அட்டைக் கணக்கு. ஒரே மருந்து பத்து மாத்திரை அட்டை, பதினான்கு மாத்திரை அட்டை, பதினைந்து மாத்திரை அட்டை என்று வருகிறது. விலையைக் கடைக்காரர் அட்டைக்குத்தான் சொல்வார். ஓர் அட்டை 62 ரூபாய், இன்னொன்று 105 ரூபாய் என்றால் முதலாவது மலிவு மாதிரியும் தெரியும், இரண்டாவது பெரிய அட்டை என்பதால் அதுதான் சிக்கனம் மாதிரியும் தெரியும். வகுத்தால்தான் தெரியும்: பத்து உள்ளது 6 ரூபாய் 20 காசு, பதினைந்து உள்ளது 7 ரூபாய். இதில் பெரிய அட்டைதான் விலை கூட. பதினான்கு அட்டையில் வேறொரு சங்கடம். இரண்டு வாங்கினால் 28 நாள்தான் வரும். மாதக் கடைசியில் இரண்டு மூன்று நாள் மாத்திரை இல்லாமல் போகும், அல்லது இரண்டு மாத்திரைக்காக மூன்றாவது அட்டை வாங்க வேண்டிவரும். தினம் ஒன்று என்றால் பதினைந்து மாத்திரை அட்டை இரண்டு, அல்லது பத்து மாத்திரை அட்டை மூன்று என்பதுதான் நம் மாதச் சம்பளக் கணக்குக்கு ஒத்துவரும்.

எவ்வளவு நாளுக்கு மொத்தமாக வாங்கலாம்? கடந்த இரண்டு முறை டாக்டரைப் பார்த்தபோதும் டோஸ் மாறாத மருந்து என்றால் இரண்டு, மூன்று மாதத்துக்கு வாங்கலாம். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். புதிதாக ஆரம்பித்த மருந்து என்றால் பத்து நாளுக்கு மேல் வாங்கக் கூடாது. ஒத்துக்கொள்ளாமல் டாக்டர் நிறுத்தச் சொன்னால் பிரித்த அட்டையைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். வெட்டாத முழு அட்டை என்றால் பில்லோடு போய் மாற்றிக்கொள்ளப் பல கடைகளில் வழி உண்டு. எனவே அந்த முதல் பத்து நாள் சரக்குக்குக்கூட பில் கேட்டு வாங்குவது நல்லது.

அட்டையை வெட்டி நாலு மாத்திரை, ஆறு மாத்திரை என்று வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் கடையிலேயே நின்றுவிட்டால் நம் கையில் இருப்பது எப்போது காலாவதியாகும் என்று யாருக்கும் தெரியாது. "தேதி இருக்குற பக்கம் குடுங்க தம்பி" என்று கேட்கலாம், இல்லையென்றால் தேதியைப் பில்லில் எழுதச் சொல்லலாம். மாத்திரையை அட்டையிலிருந்து உதிர்த்துக் காகிதக் கவரில் போட்டுத் தருவதை ஒத்துக்கொள்ளவே கூடாது. குறிப்பாக டெல்மிசார்ட்டன் காற்றின் ஈரத்தை இழுக்கும் மருந்து. விழுங்கும் நேரத்தில்தான் அதை அட்டையிலிருந்து எடுக்க வேண்டும்.

பெரிய மில்லிகிராம் மாத்திரையை வாங்கிப் பாதியாக உடைத்துப் போடுவது சிலர் சொல்லும் யோசனை. இருபது மில்லிகிராம் மாத்திரை பத்து மில்லிகிராமைப் போல இரு மடங்கு விலை இருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் எஸ்ஆர், ஈஆர் மாத்திரையை உடைத்தால் நாள் முழுக்க மெதுவாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கும். வயிற்றில் கரையாதபடி மேல்பூச்சு உள்ள மாத்திரையும் அப்படியே. நடுவில் கோடு உள்ள சாதாரண மாத்திரை என்றால், அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும் உடைக்கலாம். என்னைக் கேட்டால் ஜெனரிக் கடை விலையில் இந்த வித்தைக்கு அவசியமே இல்லை. உடைப்பதில் மிச்சமாவது சில்லறை.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு அட்டைக் கணக்கு குப்பிக் கணக்காக மாறுகிறது. 10 மில்லி குப்பி, ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றால் மொத்தம் 400 யூனிட். தினம் 20 யூனிட் போடுகிறவருக்கு இருபது நாள் வரும். பேனாவில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 வீதம் 300 யூனிட். யூனிட் கணக்கில் பார்த்தால் பழைய வகை மனித இன்சுலின் குப்பிதான் பெரும்பாலும் மலிவு. அரசு மருத்துவமனையில் அது இலவசமாகவே கிடைக்கிறது. பேனாவிலிருந்து குப்பிக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். மாறினால் ஊசியில் கவனம் வேண்டும். 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்து. தலைகீழாக மாறினால் 20க்குப் பதில் 8தான் போகும். சுகர் குறையவே குறையாது, யாருக்கும் காரணம் புரியாது.

இப்போது டாக்டர் அறைக்குத் திரும்பலாம். நம் ஊரில் டாக்டர் முன்னால் பணத்தைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது. வெளியே இருபது பேர் காத்திருக்க, கிடைப்பது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் "விலை ஜாஸ்தியா இருக்கு சார்" என்று பொதுவாகச் சொன்னால் அவர் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். தொகையைச் சொல்ல வேண்டும். பழைய அட்டைகளையும் மருந்துக்கடை பில்லையும் மேசையில் வைத்துவிட்டு, இப்படி:

"சார், மாசம் எழுநூறு ரூபாய்க்கு மேல மருந்துக்கு என்னால முடியலை. ரெண்டு வேளை மாத்திரையை ஒரு வேளைதான் போட்டேன். இதுல எதை விடவே கூடாது, எது இல்லாம சமாளிக்கலாம்னு சொல்லுங்க."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. நான் டோஸைக் கூட்டிக்கிட்டே இருந்தேனே."

இந்தப் பேச்சில் இரண்டு காரியம் நடக்கிறது. உண்மையில் எவ்வளவு மருந்து உள்ளே போயிருக்கிறது என்று டாக்டருக்குத் தெரிகிறது; 9.2 என்ற எண்ணுக்கு அர்த்தம் மாறுகிறது. இரண்டாவது, ஆறு வரியும் ஒரே எடை இல்லை என்பது வெளியே வருகிறது. மறுபடி அந்தப் பில்லைப் பாருங்கள். சத்து மாத்திரை 540, கேஸ் மாத்திரை 360. சேர்ந்து 900 ரூபாய். சுகரையும் பிரஷரையும் கொழுப்பையும் குறைக்காத இரண்டு வரிகளுக்கு மொத்தப் பில்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. பணம் போதாத நாளில் இந்த அம்மா எதை விட்டார்? பிரஷர் மாத்திரையை. சத்து மாத்திரை போட்டால் தெம்பாக இருப்பது போலத் தெரிகிறது. பிரஷர் மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் உடம்பில் ஒன்றும் தெரிவதில்லை. பக்கவாதம் வரும் வரை தெரியாது.

அதற்காகச் சத்து மாத்திரை எல்லாம் ஏமாற்று என்று சொல்லிவிடவும் கூடாது. மெட்ஃபார்மின் பல வருடம் போடுகிறவர்களுக்கு பி12 சத்து குறைவது உண்டு. கால் எரிச்சல், மரத்துப்போதல் இருந்தால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து, குறைவாக இருந்தால் வெறும் பி12 மட்டும் சில காலம் கொடுப்பது ஒரு வைத்தியம். பத்துச் சத்துகளைக் கலந்து 18 ரூபாய்க்கு விற்கும் மாத்திரையை வருடக் கணக்கில் போடுவது வேறு. கேஸ் மாத்திரையும் அதேபோல. புண் இருந்தவருக்கு, தினம் ஆஸ்பிரின் போடுகிறவருக்கு அது தேவைப்படலாம், என்றைக்கோ நெஞ்செரிச்சல் என்று எழுதியது நாலு வருடமாகத் தொடர்ந்தால் "இது இன்னும் வேணுமா சார்?" என்று கேட்பதுதான் முறை. தானாக நிறுத்தாமல் கேட்டு நிறுத்த வேண்டும்.

விலை கூடிய புது மருந்துக்குப் பதில் பழைய மலிவான மருந்து கொடுக்கலாமா என்பதும் கேட்கக்கூடிய கேள்விதான். அதில் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. கிளிமிப்ரைடு மிக மலிவு, சுகரையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் சாப்பாடு தள்ளிப்போனால் லோ சுகர் வரும். பூ மார்க்கெட்டுக்கு விடிகாலை நாலு மணிக்குப் போய்ப் பத்து மணிக்குச் சாப்பிடுகிறவருக்கு அது சரிப்படுமா என்பதை, அவர் எப்போது சாப்பிடுகிறார் என்று தெரிந்த டாக்டர்தான் சொல்ல முடியும். அந்த நேரத்தையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக, காசே இல்லாத வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகர், பிரஷர் மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முதல்வரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு, மாதாந்திர மாத்திரைக்கு அல்ல. அரசு மாத்திரைப் பட்டியலில் மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்ற அடிப்படை மருந்துகள் இருக்கும். சிட்டாகிளிப்டின் போன்றவை எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைப்பதை அங்கே வாங்கிக்கொண்டு கிடைக்காததை மட்டும் ஜெனரிக் கடையில் வாங்குவது பலருக்கு ஒத்துவரும் ஏற்பாடு.

இந்தக் கலப்பு ஏற்பாட்டில்தான் மோசமான தவறும் நடக்கிறது. தனியார் டாக்டர் எழுதிய பிரஷர் மாத்திரைக்குள்ளேயே அம்லோடிபின் இருக்கிறது. சுகாதார நிலையத்திலும் தனியாக அம்லோடிபின் கொடுக்கிறார்கள். வேறு வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் போட்டால் கால் வீங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். சுகர் கூட்டு மாத்திரையும் தனி மெட்ஃபார்மினும் சேர்ந்தாலும் இதே கதைதான். எனவே பேத்தி எழுதிய அந்தத் தாள் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ இருக்க வேண்டும். மாத்திரை தரும் ஒவ்வொருவரிடமும் அதைக் காட்ட வேண்டும். கூட்டு மாத்திரையைப் பிரித்துத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்டால், அம்லோடிபினை அரசில் வாங்கிக்கொண்டு டெல்மிசார்ட்டனை மட்டும் காசு கொடுத்து வாங்கலாம்.

சரி, அந்தப் பூக்காரம்மாவின் பில்லை மறுபடி போடுவோம். டாக்டர் ஜெனரிக் பெயரில் எழுதி, சத்து மாத்திரையை நிறுத்தி, கேஸ் மாத்திரையைத் தேவைப்பட்டால் மட்டும் என்று மாற்றிவிட்டார். ஜெனரிக் கடையில் சுகர் கூட்டு மாத்திரை ஒன்றரை ரூபாய் என்று வைத்தால் அறுபதுக்கு 90. சிட்டாகிளிப்டின் 10 ரூபாய் வீதம் 300. பிரஷர் மாத்திரை இரண்டரை ரூபாய் வீதம் 75. கொழுப்பு மாத்திரை ஒரு ரூபாய் வீதம் 30. மொத்தம் 495 ரூபாய். அவர் முடியும் என்று சொன்ன எழுநூறுக்குள் அடங்கிவிட்டது. மிச்சமிருப்பதில் பெரும் பங்கு சிட்டாகிளிப்டினுக்குப் போகிறது. மற்ற மாத்திரைகளை மூன்று மாதம் இரண்டு வேளையும் விடாமல் போட்ட பிறகு எச்பிஏ1சி எவ்வளவு வருகிறது என்பதைப் பார்த்துத்தான், அந்த ஒரு வரியும் தேவையா என்று டாக்டரால் முடிவு செய்ய முடியும்.